வானத்தில் ஓர் எருக்குழி: கடைக்கால் மண் மெத்தென்று இருந்தால் என்ன செய்வது?

புதுக்கோட்டை பக்கம் ஒரு கிராமத்தில் நாங்கள் கட்டிய வீடு அது. தரைத்தளம், முதல் தளம் இரண்டும் உண்டு. தூண் கிடையாது, செங்கல் சுவர்தான் பாரம் தாங்கும். சுவருக்குக் கீழே 3 அடி அகலத்தில் 4 அடி ஆழத்துக்கு வானம், அதாவது கடைக்காலுக்கான பள்ளம், தோண்டி, அடியில் அரையடி பெட் கான்கிரீட் போட்டு, அதற்கு மேல் கருங்கல் கட்டு எழுப்புவதாகத் திட்டம். டிப்ளமோ முடித்து வேலைக்குச் சேர்ந்து 4 மாதமே ஆன ஒரு பெண் தளத்தில் பொறியாளராக இருந்தார். வானத்தின் அடியில் மண் ஓரிடத்தில் மெத்தென்று இருப்பதை அவர்தான் கண்டுபிடித்தார். அன்று காலையிலிருந்து மறுநாள் சாயங்காலம் வரை அவர் செய்ததை, செய்த வரிசையிலேயே சொல்கிறேன். தளத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு இந்த வரிசை முக்கியம். ஒன்றை முன்பின்னாகச் செய்தாலும் குழி மூடிவிடும், கீழே என்ன இருந்தது என்பது யாருக்கும் தெரியாமல் போய்விடும்.

கான்கிரீட்டுக்கு முன் ஒரு நடை

அன்று காலை 10 மணிக்கு பெட் கான்கிரீட் போடுவதாக இருந்தது. மிக்சர் வந்துவிட்டது, ஆட்களும் வந்துவிட்டார்கள். அவர் ஏழரை மணிக்கே வானத்துக்குள் இறங்கி, 5 அடி நீளமுள்ள 12 மி.மீ. கம்பி ஒன்றை எடுத்துக்கொண்டு, ஒன்றரை அடிக்கு ஒரு தடவை குத்திக்கொண்டே நடந்தார். அந்த ஊர் மண் சரளை கலந்த செம்மண். இரண்டு கையாலும் ஊன்றி அழுத்தினால் கம்பி ஓர் அங்குலம், மிஞ்சிப்போனால் ஒன்றரை அங்குலம் இறங்கும். வடக்குச் சுவர் வானத்தில், மூலையிலிருந்து ஏழெட்டு அடி தள்ளி, அதே அழுத்தத்துக்குக் கம்பி இரண்டரை அடி இறங்கிவிட்டது.

இந்த நடையை நீங்கள் எந்த வானத்திலும் விடக்கூடாது. குத்துகிற ஆள் கடைசிவரை ஒரே ஆளாக இருக்கட்டும். இரண்டு பேர் மாற்றி மாற்றிக் குத்தினால் அழுத்தம் மாறும், பிறகு ஓரிடத்தை இன்னோர் இடத்தோடு ஒப்பிட முடியாது. கம்பி எத்தனை அங்குலம் இறங்கியது என்ற எண்ணுக்குத் தனியாகப் பெரிய அர்த்தம் இல்லை. பக்கத்து இடத்தைவிட எவ்வளவு கூடுதலாக இறங்கியது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

நிஜமாகவே மெத்து மண்தானா?

கம்பி இறங்கிய இடமெல்லாம் குழி என்று பதற வேண்டாம். ஜே.சி.பி. பக்கெட்டின் பற்கள் அடிமண்ணை மூன்று நான்கு அங்குலத்துக்குக் கிளறிவிட்டிருக்கும். ராத்திரி மழை பெய்திருந்தால் மேலே இரண்டு மூன்று அங்குலம் சேறாகியிருக்கும். இந்த இரண்டுக்கும் வைத்தியம் ஒன்றே: மண்வெட்டியால் வழித்து எடுத்துவிடுங்கள். அரையடிக்குள் கெட்டி மண் வந்துவிட்டால் விஷயம் முடிந்தது. வழித்த ஆழத்தையும் பெட் கான்கிரீட்டாலேயே நிரப்புங்கள். வழித்த மண்ணைத் திரும்பப் போட்டுத் தட்டாதீர்கள்.

அவர் அரையடி வழித்துப் பார்த்தார். கெட்டி மண் வரவில்லை, கறுப்பாக ஒன்று வந்தது. கையில் எடுத்தால் பஞ்சுபோல இருந்தது. வைக்கோல் துணுக்கு, சாம்பல், உடைந்த பானை ஓடு எல்லாம் கலந்திருந்தன, லேசான நாற்றமும் இருந்தது. கட்டைவிரலை வைத்து அழுத்தினார், சிரமமே இல்லாமல் உள்ளே போனது. மண் ஆய்வில் வெகுகாலமாகப் புழங்கும் கைச்சோதனை இது. களிமண்ணில் கட்டைவிரல் சுலபமாகப் புதைந்தால் அது மெத்து மண். விரல் தடம் மட்டும் விழுந்து, உள்ளே போக நல்ல பலம் தேவைப்பட்டால் கெட்டி. நகத்தால் மட்டுமே கீற முடிந்தால் மிகக் கெட்டி.

அப்புறம் அவர் செய்த காரியம் எனக்கு மிகவும் பிடித்தது. வானத்தின் பக்கச் சுவரைக் கரண்டியால் சுரண்டினார். பக்கெட் மேலே போய்வரும்போது செம்மண்ணைப் பக்கச் சுவர் முழுக்கப் பூசிவிட்டுப் போகும். பார்வைக்கு எல்லா இடமும் ஒரே சிவப்பாகத்தான் தெரியும். சுரண்டிய பிறகுதான் மேலே 2 அடிக்குப் புதிதாகக் கொட்டிய கிராவலும், அதற்குக் கீழே கறுப்பு மண்ணும் வில்போல வளைந்து இறங்குவது தெரிந்தது. மனை போட்டு விற்றபோது கிராவல் அடித்து மட்டம் செய்திருக்கிறார்கள். நாங்கள் மண் பார்க்கத் தோண்டிய ஒரே சோதனைக் குழி மனையின் நடுவில் இருந்தது. அங்கே நல்ல செம்மண். வடக்கு ஓரத்தில் என்ன இருக்கிறது என்று அது எப்படிச் சொல்லும்?

வேலையை நிறுத்துவது

மேஸ்திரி 30 வருஷ அனுபவசாலி, நல்ல மனுஷர். குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "இன்ஜினியரம்மா, ஆறடி இடந்தானே. ஒரு லோடு கிராவலைக் கொட்டித் தண்ணி விட்டு திமிசு போட்டுட்டா கல்லு மாதிரி ஆயிரும். பத்து மணிக்கு காங்கிரீட்டை ஆரம்பிச்சிரலாம்."

"இல்லண்ணே, இது எதுவரைக்கும் போகுதுன்னு பாத்துட்டு அப்புறம் முடிவு பண்ணலாம். நீங்க தெற்குப் பக்கம் காங்கிரீட்டை ஆரம்பிங்க. வடக்குச் சுவரை மட்டும் விட்ருங்க."

இந்தப் பதிலில் புதியவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. அவர் முழு வேலையையும் நிறுத்தவில்லை. குத்திப் பார்த்து நன்றாக இருந்த பக்கத்தில் ஆட்களுக்கு வேலை கொடுத்தார், சந்தேகமான நீளத்தை மட்டும் பிடித்து வைத்தார். 12 பேர் கூலியோடு சும்மா உட்கார்ந்திருந்தால் பத்தரை மணிக்குள் யாராவது குழியை மூடச் சொல்லியிருப்பார்கள். வீட்டுக்காரரே சொல்லியிருப்பார்.

மேஸ்திரி சொன்ன வழி ஏன் ஆகாது? கணக்கைப் பார்ப்போம். அந்தச் சுவர் ஒரு மீட்டர் நீளத்துக்குச் சுமார் 7 டன் பாரம் இறக்குகிறது. 0.9 மீட்டர் அகலத்தில் பரவினால் சதுர மீட்டருக்கு 8 டன் வருகிறது. அந்த ஊர்ச் செம்மண் இதைத் தாராளமாகத் தாங்கும். கட்டைவிரல் புதைகிற மண்ணை 2 முதல் 4 டன்னுக்கு மேல் நம்ப முடியாது. குழிக்குள் 80 செ.மீ. கறுப்பு மண் இருந்தது. அது 5 சதவீதம் அமுங்கினாலே 4 செ.மீ. இறங்கும், இரண்டு பக்கத்திலும் செம்மண்மேல் நிற்கும் சுவரோ ஒரு செ.மீ. கூட இறங்காது. 1956-இல் ஸ்கெம்ப்டன், மெக்டொனால்ட் என்ற இரண்டு பொறியாளர்கள் 98 கட்டடங்களை ஆராய்ந்து சொன்ன எல்லை 300-இல் ஒரு பங்கு, அதாவது 3 மீட்டருக்கு 10 மி.மீ. வித்தியாசம். அதைத் தாண்டினால் சுவர் விரிசல் விடத் தொடங்கும் என்று கொள்ளலாம். நமக்கு வரக்கூடியது அதைப்போல மூன்று மடங்கு. மேலே ஓர் அடி கிராவல் போட்டு எவ்வளவு திமிசு அடித்தாலும் அதற்குக் கீழே இருக்கும் கறுப்பு மண் அப்படியேதான் இருக்கும். அதில் வைக்கோலும் சாணமும் இன்னும் மட்கிக்கொண்டிருக்கின்றன. பாரமே ஏறாவிட்டாலும் அது வருஷா வருஷம் சுருங்கும்.

குழியின் ஓரத்தையும் அடியையும் கண்டுபிடிப்பது

கண்ணுக்குத் தெரிந்தது 6 அடி. அவர் சந்தேக இடத்தின் நடுவில் தொடங்கி, இரண்டு பக்கமும் ஓர் அடிக்கு ஓரிடமாக, அகலவாக்கில் மூன்று மூன்று இடத்தில் குத்திக்கொண்டே போனார். கம்பி இறங்காத இடத்திலெல்லாம் சுண்ணாம்புப் பொடியால் ஒரு புள்ளி. புள்ளிகளைச் சேர்த்தபோது குழி 2.4 மீட்டர், அதாவது 8 அடி நீளம் வந்தது. வானத்தின் முழு அகலத்தையும் அது கடந்து போயிருந்தது. இந்த அகலவாக்குக் குத்தலைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். மெத்து மண் வானத்தின் ஒரு பாதியில் மட்டும் இருந்தால் கடைக்கால் ஒரு பக்கமாகச் சாயும். இறங்குவதைவிட அது மோசம்.

கம்பியை மட்டும் நம்பி ஆழத்தை முடிவுகட்டாதீர்கள். ஓர் ஓட்டுத் துண்டில் முட்டி நின்றாலும் கெட்டி மண் வந்ததுபோலவே கைக்குத் தோன்றும். அதனால் அவர் நடுவில் ஓர் ஆளை விட்டு 2 அடிக்கு 2 அடியாக ஒரு சின்னக் குழி எடுக்கச் சொன்னார். வான அடியிலிருந்து 80 செ.மீ. போனதும் கறுப்பு முடிந்து சரளைச் செம்மண் வந்தது. அங்கேயும் விடாமல் கடப்பாரையை அடித்து இறக்கிப் பார்த்தார். இறங்கவே சிரமப்பட்டது. மேலே ஒரு கெட்டிப் படலம், அதற்குக் கீழே மறுபடியும் மெத்து மண் என்பதும் சில இடங்களில் உண்டு. ஒரு நிமிஷ வேலை, செய்துவிடுங்கள்.

இதற்கிடையில் பக்கத்து வீட்டு அப்பத்தா வேலியோரம் வந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இவர் போய்க் கேட்டார்: "அப்பத்தா, இங்கன முன்னாடி என்ன இருந்துச்சு?"

"எங்க மாட்டுக்கொட்டாயி ஆத்தா. நீ நிக்கிற இடத்துலதான் எருக்குழி. கொட்டாயைப் பிரிச்சப்ப குப்பையைத் தள்ளி மூடிட்டாக."

"ஒரு குழிதானா அப்பத்தா? கிணறு ஏதும் இருந்துச்சா?"

"கிணறு இல்ல. குழி ஒண்ணுதான்."

கிராமத்து மனையில் இந்த விசாரிப்பு ஒரு மண் பரிசோதனைக்குச் சமம். எருக்குழி, சுண்ணாம்பு நீற்றிய குழி, பழைய கக்கூஸ் குழி, பனையைப் பெயர்த்த பள்ளம், மண்வீட்டுக்கு மண் எடுத்த பள்ளம் என்று ஊருக்குள் எத்தனையோ மூடிக் கிடக்கின்றன. ஆனால் அப்பத்தா சொன்னதை வைத்து ஆழத்தை முடிவு செய்யக் கூடாது. எங்கே கூடுதலாகத் தேட வேண்டும் என்பதற்குத்தான் அந்தப் பேச்சு. அவரும் அதற்குப் பிறகு வடக்குச் சுவர் முழுவதையும் இன்னொரு முறை குத்திப் பார்த்தார்.

யாரிடம், என்ன சொல்வது

தளப் பொறியாளர் கண்டுபிடிக்கலாம், அளக்கலாம். கடைக்காலை மாற்றும் முடிவு வடிவமைப்புப் பொறியாளருடையது. அவரிடம் போனில் "சார், மண் லூசா இருக்கு" என்று சொன்னால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. இவர் அனுப்பிய செய்தி இது:

"வடக்குச் சுவர் வானம். வடமேற்கு மூலையிலிருந்து கிழக்கே 2.1 மீட்டர் முதல் 4.5 மீட்டர் வரை மெத்து மண். முழு அகலத்திலும் உள்ளது. வான அடியிலிருந்து அதிகபட்ச ஆழம் 80 செ.மீ. கறுப்பு மண், வைக்கோல், சாம்பல், ஓடு. பழைய எருக்குழி என்கிறார்கள். தண்ணீர் இல்லை. அடியில் சரளைச் செம்மண், கம்பி 3 செ.மீ. மட்டும் இறங்குகிறது. வடக்குச் சுவரின் மற்ற இடங்களில் 3 முதல் 4 செ.மீ. அந்தப் பகுதியில் மட்டும் கான்கிரீட் நிறுத்தியிருக்கிறேன்."

கூடவே டேப்பை விரித்துவைத்து எடுத்த மூன்று படங்கள். எங்கே, எவ்வளவு நீளம், அகலம், ஆழம், என்ன மண், தண்ணீர் உண்டா, அடியில் என்ன, பக்கத்தில் என்ன என்று எல்லாம் அதில் இருந்தன. 20 நிமிஷத்தில் பதில் வந்தது: முழுவதும் எடுத்துவிட்டு, படிபடியாக வெட்டி, ஒரு பங்கு சிமெண்ட், நான்கு பங்கு மணல், எட்டு பங்கு ஜல்லி கலந்த 1:4:8 கான்கிரீட்டால் வான அடிமட்டம் வரை நிரப்பவும்.

ஏன் கிராவல் இல்லை, ஏன் மணல் இல்லை

எல்லா மெத்து மண்ணையும் தோண்டி எடுத்த பிறகாவது கிராவல் போடலாமே என்று மேஸ்திரி கேட்டார். நியாயமான கேள்வி. கிராவல் வழியாகப் பாரம் இறங்கும்போது பக்கவாட்டிலும் விரியும். ஆழம் 2 என்றால் இரண்டு பக்கமும் ஏறத்தாழ 1 என்ற கணக்கில் விரிவதாக எடுத்துக்கொள்வோம். வானத்தின் அகலத்துக்கு மட்டும் தோண்டிக் கிராவல் போட்டால், விரிகிற பாரம் பக்கத்தில் எடுக்காமல் விட்ட எருக்குழி மண்ணில் போய்ச் சாயும். அது தாங்காது, ஒதுங்கும். கிராவல்தான் போடுவேன் என்றால் குழியை இருபுறமும் அகலமாகத் தோண்டி, அரையடிக்கு ஒரு படலமாகப் போட்டு இறுக்கவேண்டும். 3 அடி வானத்துக்குள் மூலை முடுக்கில் திமிசு சரியாக விழாது. மணலுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. சுற்றிலும் தண்ணீர் சீக்கிரம் வடியாத மண் இருந்தால் மழைத்தண்ணீர் மணல் குழிக்குள் வந்து தேங்கும், சுற்றியிருக்கும் நல்ல மண்ணையும் ஊறவைக்கும்.

கான்கிரீட் அப்படி இல்லை. அது ஒரே கட்டையாக நின்று பாரத்தை நேரே கீழிருக்கும் செம்மண்ணுக்குக் கொண்டுபோகும். அதனால் வானத்தின் அகலத்துக்குத் தோண்டினால் போதும். வெளியே மிச்சமிருக்கும் எருக்குழி மண் சுவரை ஒன்றும் செய்யாது. ஆனால் அறைக்குள் வரும் பகுதியில் அதையும் எடுத்துவிட்டுக் கிராவல் அடிக்க வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் தரை பள்ளம் விழும்.

தோண்டுவதும் நிரப்புவதும்

வானம் ஏற்கெனவே 1.2 மீட்டர். இன்னும் 90 செ.மீ. போனால் 2.1 மீட்டர், அதாவது 7 அடி. கறுப்பு மண்தான் பக்கச் சுவர். ஆள் உள்ளே குனிந்திருக்கும்போது சரிந்தால் மூச்சுவிட நேரம் இருக்காது. 1.5 மீட்டருக்கு மேல் ஆழமான வானத்துக்கு முட்டுக் கொடுக்கவேண்டும் என்கிறது தோண்டும் வேலையின் பாதுகாப்புக்கான இந்தியத் தரநெறி ஐ.எஸ். 3764. சரிவாக வெட்டி விடுவது இன்னொரு வழி. வெட்டிய மண்ணை விளிம்பிலிருந்து குறைந்தது 1.5 மீட்டர் தள்ளித்தான் குவிக்கவேண்டும். அவர் ஜே.சி.பி.யை வரவழைத்து இரண்டு பக்கமும் மேல்மண்ணைச் சரிவாக வெட்டவைத்து, ஏணி போட்ட பிறகே ஆளை இறக்கினார். கடைசி அரையடியைக் கையால் எடுத்தார்கள். பக்கெட் பட்டால் நல்ல அடிமண்ணும் கிளறிப்போகும்.

எருக்குழியின் ஓரம் சட்டிபோலச் சரிந்திருந்தது. சரிவின்மேல் அப்படியே கான்கிரீட் போட்டால் அது வழுக்கலில் நிற்பதுபோல. அதனால் செம்மண்ணை 30 செ.மீ. உயரமுள்ள மட்டமான படிகளாக வெட்டினார்கள். கெட்டி மண்ணுக்குள் 10 செ.மீ. வெட்டி இறங்கியதும் அடிப்படி 1.4 மீட்டர் நீளம், அடுத்தது 2 மீட்டர், மேலே 2.6 மீட்டர். கணக்கு சுலபம்: மூன்றையும் கூட்டினால் 6 மீட்டர், அகலம் 0.9, உயரம் 0.3. பெருக்கினால் 1.62 கன மீட்டர். 1:4:8 கலவையில் கன மீட்டருக்கு 170 கிலோ சிமெண்ட் பிடிக்கும். மொத்தம் ஐந்தரை மூட்டை, ஆறு மூட்டை என்று வைத்துக்கொண்டார். 40 மி.மீ. ஜல்லி அரை யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல், எம்-சாண்ட் கால் யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல். ஒரு வீட்டின் வடக்குச் சுவரைக் காப்பாற்ற ஆன பொருள் இவ்வளவுதான்.

போடும் முன் அடிமண்ணில் மறுபடி கம்பி குத்திப் பார்த்தார், உதிரி மண்ணை வழித்தார், லேசாகத் தண்ணீர் தெளித்தார். தண்ணீர் தேங்கவிடவில்லை. கலவையை மேலிருந்து வீசினால் ஜல்லி பிரிந்துவிடும் என்று தகரச் சரிவு வைத்து இறக்கி, அரையடிக்கு ஒரு படலமாகப் போட்டு, மேலே சிமெண்ட் பால் கசியும்வரை திமிசு போட்டார்கள். மேஸ்திரிக்குத் தன் திமிசு கடைசியில் பயன்பட்டதில் சந்தோஷம். மறுநாள் சாயங்காலம் அதன்மேல் பெட் கான்கிரீட் மற்ற வானத்தோடு ஒரே மட்டத்தில் சேர்ந்துகொண்டது.

எப்போது இந்த வழி போதாது

தோண்டத் தோண்டக் குழி வட்டமாக, செங்கல் அல்லது கல் கட்டோடு வந்தால் அது தூர்ந்த கிணறு. அதை அடிவரை தோண்டும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். மேலே பாலம்போல ஆர்.சி. பீம் போட்டு இரண்டு பக்கமும் கெட்டி மண்ணில் உட்காரவைப்பதா, சுவரையே நகர்த்துவதா என்பதை வடிவமைப்பாளர் கணக்குப் போட்டுத்தான் சொல்ல முடியும். பழைய கக்கூஸ் குழி, செப்டிக் டேங்க், மூடிக் கிடந்த கிணறு எதிலும் ஆளை இறக்காதீர்கள். விஷவாயு முதல் மூச்சிலேயே ஆளைச் சாய்த்துவிடும், காப்பாற்ற இறங்குகிறவரையும் சேர்த்து.

குழியில் தண்ணீர் ஊறினாலும், ஒரு குழிக்குப் பதிலாக இங்கொன்று அங்கொன்றாக மூன்று நான்கு தட்டுப்பட்டாலும், தூணின் தனிக் கடைக்காலுக்குக் கீழே வந்தாலும் தளத்தில் முடிவெடுக்காதீர்கள். பல குழிகள் இருந்தால் மனையே மேட்டுமண் அடித்ததாக இருக்கலாம். அப்போது மண் பரிசோதனைக்கு ஆள் வரவேண்டும்.

மூடிய பிறகு

அவர் வரைபடத்தில் குழியின் நீளம், ஆழம், போட்ட கலவை, தேதி எல்லாவற்றையும் குறித்து, படங்களோடு வீட்டுக்காரரிடம் ஒரு பிரதி கொடுத்தார். நாளைக்கு அந்தச் சுவரை ஒட்டி யாராவது செப்டிக் டேங்குக்குத் தோண்டினால் மிச்சமிருக்கும் எருக்குழி மண் அங்கே தட்டுப்படும்.

பேஸ்மட்டம் முடிந்ததும் வடக்குச் சுவரின் வெளிப்பக்கம் மூன்று ஆணி அடித்து வைத்தார்: ஒன்று குழிக்கு நேர் மேலே, மற்ற இரண்டும் 3 மீட்டர் தள்ளி இரண்டு பக்கமும். டியூப் லெவலால் மூன்றையும் ஒரே மட்டத்தில் அடித்திருந்தார். தரைத்தள கூரை கான்கிரீட் போட்டதும் ஒரு முறை பார்த்தார், மாடிக் கூரை போட்டதும் இன்னொரு முறை. மாடிக் கூரை ஏறிய பிறகு நடு ஆணி மற்ற இரண்டைவிட 2 மி.மீ. கீழே காட்டியது. டியூப் லெவலில் அந்த அளவு கண்பிழையாகவும் இருக்கலாம். அந்த மூன்று ஆணிகளையும் பூச்சுக்குள் மறைத்துவிடாதீர்கள் என்று மேஸ்திரியிடம் சொல்லி, சுற்றிலும் பெயிண்டால் வட்டம் போட்டுவிட்டு வந்தார். முதல் மழைக்காலம் முடிந்ததும் மறுபடி பார்க்க வேண்டும்.